விளக்கைச் சுற்றி வானவில்

அழும்போது வழியும் கண்ணீர் வேறு. கண்ணுக்குள்ளேயே ஊறும் நீர் வேறு. இந்த உள்நீர் ஐரிஸ் என்னும் நிறத்திரைக்குப் பின்னால் சுரந்து, அத்திரையின் நடுத்துளையாகிய பாவை வழியே முன்னே வருகிறது. கண்ணின் முன்முகப்பில் கண்ணாடிபோல் உள்ள விழிவெண்படலமும் நிறத்திரையும் சந்திக்கும் மூலையில் நுண்ணிய வடிகால் ஒன்று உண்டு. நீர் அதன் வழியே வெளியேறுகிறது. ஊறுவதும் வடிவதும் ஒத்திருக்கும்வரை கண்ணின் அழுத்தம் ஏறத்தாழ 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் நிற்கும்.

சிலருக்கு அந்த மூலை பிறவியிலேயே குறுகலாக இருக்கும். வயது ஏற ஏறக் கண்ணின் லென்சு தடித்து நிறத்திரையை முன்னே தள்ளுவதால், அது மேலும் குறுகுகிறது. மங்கிய ஒளியில் பாவை விரியும்போது லென்சு வழியை அடைக்க, பின்னால் தேங்கிய நீர் நிறத்திரையை உப்பச் செய்து வடிகாலை மூடிவிடுகிறது. நீரோ ஊறிக்கொண்டே இருக்கிறது. சில மணி நேரத்தில் அழுத்தம் 50ஐயும் தாண்டக்கூடும். இதுவே திடீர் மூடுகோணக் கண் அழுத்த நோய்.

தில்லியில் குளிர்கால மாலையொன்றில் மின்சாரம் தடைப்பட்டிருந்த வீட்டில், 62 வயதுப் பாட்டிக்கு இது நேர்ந்ததாகக் கொள்வோம். வலக்கண்ணும் நெற்றியும் தெறிக்கின்றன, கண் சிவக்கிறது, இருமுறை வாந்தி வருகிறது. வீட்டார் பித்தத் தலைவலி என்று தைலம் தேய்க்கின்றனர். அடுத்த வீட்டார் ‘மெட்ராஸ் ஐ’ என்கின்றனர். பாட்டி மட்டும், “தெருவிளக்கைச் சுற்றி வானவில் தெரிகிறதே!” என்று வியக்கிறார்.

அந்த வானவில்லே துப்பு. மிகுந்த அழுத்தத்தால் விழிவெண்படலத்தில் நீர் கோத்து வீங்குகிறது; அதன் ஊடே வரும் ஒளி வண்ண வளையமாகச் சிதறுகிறது. மெட்ராஸ் ஐ வந்தால் கண் உறுத்தும், பீளை தள்ளும். ஆனால் பார்வை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும், வாந்தி வராது. பேரன் பாட்டியின் இடக்கண்ணைக் கையால் மறைத்து, “என் முகம் தெரிகிறதா, பாட்டி?” என்று கேட்கிறான். “புகைக்குள் நிற்பதுபோல் இருக்கிறாய், கண்ணு” என்கிறார் அவர். இரு கண்களாலும் சேர்ந்து பார்த்தால் நல்ல கண் இக்குறையை மறைத்துவிடும்.

இரவென்று விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. அழுத்தம் கண்ணின் பின்புறமுள்ள பார்வை நரம்பை நசுக்குகிறது. இறந்த நரம்பிழைகள் மீண்டும் முளைப்பதில்லை. வலிமாத்திரை வலியைக் குறைக்குமேயன்றி அடைப்பைத் திறவாது. மருத்துவமனையில் அழுத்தத்தை அளந்து, சொட்டு மருந்தும் மாத்திரையும், தேவையானால் நரம்பூசியும் தந்து அதைத் தணிப்பர். விழிவெண்படலம் தெளிந்தபின் லேசர் ஒளியால் நிறத்திரையில் கண்ணுக்குப் புலப்படாத சிறு துளையிடுவர். பாவை வழி அடைபட்டாலும் இனி நீர் அத்துளை வழியே முன்னே வரும்.

வலியே இல்லாத இடக்கண்ணிலும் மருத்துவர் பெரும்பாலும் அவ்வாறே துளையிடுவார். அக்கண்ணின் மூலையும் அதே குறுகிய அமைப்புடையது என்பதே காரணம்.