15 விழுக்காட்டில் அணையும் கைப்பேசி: மீம்ஸ் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பதற்றம்

பேட்டரி சிவப்புக் கோட்டுக்கு வந்ததும் வடிவேலு தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் படம், டேட்டா முடிந்ததும் ‘ஹாட்ஸ்பாட்’ கேட்டு நண்பனின் காலைப் பிடிக்கும் படம். இவ்விரண்டும் வந்து சேராத வாட்ஸ்அப் குழு நம்மிடையே அரிது. பார்த்ததும் சிரிக்கிறோம். ஆனால், இந்த வகை மீம்ஸ்களில் ஒன்று வெறும் கிண்டல் அல்ல. 15 விழுக்காடு காட்டிக் கொண்டிருந்த போன் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்து போகும் மீம் அது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். பிறையில் உள்ள தொழிற்சாலையில் மாலை வேலை முடித்து, இரவு 11 மணிக்கு மேல் பேருந்தில் தோட்டத்துக்குத் திரும்புகிறார் ஒரு பெண். கைப்பேசி வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. 18 விழுக்காடு இருக்கிறதே என்ற தைரியத்தில் அம்மாவுக்கு வீடியோ அழைப்பு போடுகிறார். ஒரு நிமிடத்தில் திரை கறுத்து விடுகிறது. வீட்டில் அம்மா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்கிறார். மகள் வந்து சார்ஜரில் செருகி போனைத் திறந்தால் 14 விழுக்காடு காட்டுகிறது. “போன் செத்துப் போச்சுன்னு சொன்னே, இதுல இன்னும் இருக்கே?” என்கிறார் அம்மா.

மகள் பொய் சொல்லவில்லை. திரையில் தெரியும் விழுக்காடு அளந்து சொல்லும் எண் அல்ல, கணித்துச் சொல்லும் எண். அணைவதா வேண்டாமா என்பதை போன் முடிவு செய்வது பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்துத்தான். முழுதாக ஏறிய பேட்டரியில் அது 4.2 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் இருக்கும். 3 வோல்ட்டைச் சற்றுத் தாண்டிய ஓர் எல்லைக்கு இறங்கினால், போன் தன்னைத் தானே அணைத்துக் கொள்ளும். பேட்டரி பழசாகும்போது அதன் உள்ளே மின்தடை கூடுகிறது. வீடியோ, கேமரா, முழு வெளிச்சம் என்று ஒரே நேரத்தில் அதிக மின்சாரம் இழுத்தால், மிச்சம் இருந்தும் வோல்ட் சட்டென்று அந்த எல்லைக்குக் கீழே விழுகிறது. சார்ஜரில் செருகியதும் இரட்டை இலக்க விழுக்காடு காட்டினால், பேட்டரி தேய்ந்து விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பழைய ஐபோன்கள் இப்படித் திடீரென அணையாமலிருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் நிறுவனமே 2017 டிசம்பரில் ஒப்புக் கொண்டது.

தோட்டப்புறத்தில் இன்னொரு சுமையும் உண்டு. செம்பனை மரங்களுக்கு நடுவே சிக்னல் ஒரு கோடாகக் குறையும்போது, தொலைவில் உள்ள கோபுரத்தை எட்ட போன் அதிக சக்தியைச் செலவிடுகிறது. பட்டணத்தில் நாள் முழுக்கத் தாங்கும் அதே போன் இங்கே மாலைக்குள் படுத்து விடும். சிக்னலே இல்லாத பாதையில் விமான நிலைக்கு மாற்றி வைத்தால் பேட்டரி மிஞ்சும். ஆனால், ‘போன் ஏன் அடைச்சிருக்கு?’ என்று வீட்டில் பதறுவார்களே என்று பலர் அதைச் செய்வதில்லை.

டேட்டா மீம்ஸின் கதை வேறு. யாரோ திருடியது போல் டேட்டா மறைவதாக அவை காட்டும். பெரும்பாலும் திருடன் வீடியோவின் தரம்தான். 480p தரத்தில் ஒரு மணி நேர வீடியோவுக்குச் சுமார் அரை ஜிபி போகும். அதையே முழு எச்டி தரத்தில் பார்த்தால் ஒன்றரை ஜிபி அல்லது அதற்கும் மேல். 10 ஜிபி வாங்கியவருக்கு முதலாவதில் 20 மணி நேரம், இரண்டாவதில் ஆறு, ஏழு மணி நேரம். இதோடு குழுக்களில் குவியும் ‘காலை வணக்கம்’ பூக்களும் திருமண வீடியோக்களும் தாமாகவே இறங்குகின்றன. வாட்ஸ்அப்பில் Storage and data பகுதிக்குப் போய், Media auto-download என்பதன் கீழ் மொபைல் டேட்டாவுக்கான எல்லாவற்றையும் நீக்கி விட்டால் அது நிற்கும்.

2016-இல் எல்ஜி நிறுவனம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், பேட்டரி இறங்கினால் பதறுவதாகப் பத்தில் ஒன்பது பேர் சொன்னார்கள். போன் விற்கும் நிறுவனத்தின் ஆய்வு, கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு நம் ஊரில் பணப்பையும் போனுக்குள் போய்விட்டது. சாப்பாட்டுக் கடையில் டூயிட்நவ் கியூஆர், வங்கிப் பரிமாற்றத்துக்குச் செயலியில் ஒப்புதல், வீடு திரும்ப கிராப். போன் அணைந்தால் பையில் சில்லறை இல்லாதவர் தபாவ் வாங்கக்கூட முடியாமல் நிற்கிறார். மீமில் வடிவேலு அழுவது படம் பார்க்க முடியாததற்காக அல்ல என்பது அங்கேதான் புரிகிறது.

பேட்டரி தேய்ந்தது உறுதியானால் புது போன் தேவையில்லை, பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். ஐபோனில் பேட்டரியின் Maximum Capacity 80 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கியிருந்தால் அதற்கு நேரம் வந்து விட்டது. அதுவரை இரவுப் பேருந்தில் வீடியோவை விட்டு, சாதாரண அழைப்பில் இரண்டு வார்த்தை பேசலாம். பையின் மூலையில் ஒரு பத்து ரிங்கிட் நோட்டும் இருக்கட்டும்.