புதன்கிழமை சொன்ன சாட்சி

சீர்திருத்தவாதி ஒருவரின் நினைவு நூற்றாண்டுக் கட்டுரையில் பிழை எளிதாக நுழையும் இடம் முதல் பத்தி. பிறப்பு, இறப்பு, வயது, நூற்றாண்டுக் கணக்கு எல்லாம் அங்கேதான் நெருக்கியடித்து நிற்கும். அயோத்திதாசப் பண்டிதரையே எடுத்துக்கொள்வோம். பிறந்தது 1845 மே 20. மறைந்தது 1914 மே 5.

அவசரக்காரர் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்து, 69 வயது நிரம்பி மறைந்தார் என்று எழுதிவிடுவார். அந்த ஆண்டின் பிறந்த நாளுக்கு இன்னும் 15 நாள் இருந்தது. நிறைந்த வயது 68தான். நூற்றாண்டுக் கணக்கிலும் இதே சறுக்கல் உண்டு. முதல் நினைவு நாள் 1915இல் வந்தது, ஆகவே நூறாவது 2014 மே 5. மறைந்த நாளையே ஒன்று என்று எண்ணத் தொடங்கினால் 2013இல் போய் நிற்போம்.

அவர் நடத்திய இதழின் தேதிகளைச் சரிபார்க்க அழகான வழி ஒன்று இருக்கிறது. சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' புதன்தோறும் வந்த வார இதழ். தொடங்கியது 1907 ஜூன் 19; 'தமிழன்' என்று பெயர் சுருங்கியது 1908 ஆகஸ்ட் 26. முதல் தேதியிலிருந்து அடுத்த ஜூன் 19 வரை 366 நாள், ஏனென்றால் இடையில் 1908இன் பிப்ரவரி 29 வருகிறது. அங்கிருந்து ஆகஸ்ட் 26 வரை 68 நாள். மொத்தம் 434, ஏழால் வகுத்தால் மீதியில்லாமல் 62 வாரம். நாட்காட்டியைப் புரட்டினால் இரண்டுமே புதன்.

யாராவது ஆகஸ்ட் 25 என்று எழுதியிருந்தால் இந்தக் கணக்கிலேயே மாட்டிக்கொள்வார். ஆனால் ஆகஸ்ட் 19 என்று எழுதியவர் தப்பிவிடுவார், அதுவும் புதன்தானே! பிழையைக் காட்டிக்கொடுக்க மட்டுமே கிழமை உதவும். உறுதி செய்ய அந்த இதழின் முகப்பைத்தான் பார்க்க வேண்டும். மறைந்த நாளோ செவ்வாய். அதை இப்படிச் சோதிக்க வழியில்லை. மறுநாளே இதழுக்குரிய புதன் என்பதால், அதையும் அடுத்து வந்த இதழ்களையும் தேடிப் படிப்பதே முதல் வேலை.

இவ்வளவும் பார்த்த பிறகு பத்தி இப்படி அமையலாம்:

"1914 மே 5, செவ்வாய்க்கிழமை. சித்த மருத்துவரும் பௌத்த அறிஞருமான அயோத்திதாசப் பண்டிதர் தமது 68 வயதில் மறைந்தார். 1907 ஜூனில் ஒரு பைசா விலையில் அவர் தொடங்கிய வார இதழுக்கு அப்போது ஏழு வயது நிறைய ஆறு வாரமே பாக்கி. சாதியை மறுத்து அதில் அவர் எழுதியவற்றின் பெருந்தொகுப்பு 1999இல்தான் வந்தது. இன்று அவருடைய நூறாவது நினைவு நாள்."

காத்தவராயன் என்ற இயற்பெயர், ஆசிரியரின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்ட கதை, 1898 இலங்கைப் பயணம் எல்லாம் இரண்டாம் பத்திக்குப் போகட்டும்.