ஒரே லாரியில் மூன்று காகிதம்

கோயம்புத்தூரில் உள்ள ஒரு பம்ப் கம்பெனியிடமிருந்து மதுரையில் உள்ள ஒரு சிறு கடைக்காரர் இருபது மோட்டார் பம்ப் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 9,000 ரூபாய். மொத்தம் 1,80,000, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 32,400. ஆக, பில் தொகை 2,12,400 ரூபாய். கடையின் ஆண்டு விற்பனை இரண்டு கோடி. கம்பெனிக்கோ அதைப் போலப் பல மடங்கு. சரக்கு லாரி ஆபீஸ் வழியாக வருகிறது. இந்த ஒரு லோடிலேயே இன்வாய்ஸ், எல்.ஆர்., சலான் மூன்றுக்கும் வேலை இருக்கிறது. ஆனால் ஒன்று செய்ய வேண்டியதை மற்றொன்றால் செய்ய முடியாது.

முதலில் இன்வாய்ஸ். சரக்கு விற்கப்பட்டது, இந்த விலைக்கு, இவ்வளவு வரியோடு என்று சொல்வது அதுதான். சரக்கு கிடங்கை விட்டுக் கிளம்பும்போதே அல்லது அதற்கு முன்பே அதைப் போட்டாக வேண்டும். இ-இன்வாய்ஸ் என்பது இன்னொரு வகை பில் அல்ல. இதே பில்லை அரசு தளத்தில் பதிவு செய்து வாங்குவது. விற்பவர் பில் விவரங்களைத் தளத்துக்கு அனுப்புகிறார். தளம் அதைச் சரிபார்த்து 64 எழுத்துகள் கொண்ட ஐ.ஆர்.என். என்ற எண்ணையும் ஒரு கியூ.ஆர். குறியையும் கொடுக்கிறது. அவை அச்சான பில்தான் இ-இன்வாய்ஸ். கம்ப்யூட்டரில் அடித்து பி.டி.எஃப்.பாக வாட்ஸப்பில் வருவதெல்லாம் இ-இன்வாய்ஸ் ஆகிவிடாது.

2017-18 முதல் ஏதாவது ஒரு நிதியாண்டில் மொத்த விற்பனை ஐந்து கோடியைத் தாண்டியவர், ஜி.எஸ்.டி. பதிவு உள்ள இன்னொருவருக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் போட வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் இதுதான் வரம்பு. நம் மதுரைக் கடைக்காரருக்கு அந்தக் கடமை இல்லை. ஆனாலும் இது தன் கவலையல்ல என்று அவர் இருந்துவிடக் கூடாது. இ-இன்வாய்ஸ் போட வேண்டிய கம்பெனி சாதாரண பில் கொடுத்தால், சட்டத்தின் பார்வையில் அது இன்வாய்ஸே இல்லை. அப்போது 32,400 ரூபாய் உள்ளீட்டு வரியை அவர் கழித்துக்கொள்வதில் சிக்கல் வரும். கம்பெனி செய்த தவறுக்குக் கடைக்காரர் பணத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கும். புதிதாக ஒரு கம்பெனியிடம் சரக்கு எடுக்கும்போது அதன் ஜி.எஸ்.டி. எண்ணை einvoice1.gst.gov.in தளத்தில் போட்டால், அந்தக் கம்பெனி இ-இன்வாய்ஸ் பட்டியலில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இருந்தால், கியூ.ஆர். குறி இல்லாத பில்லை வாங்கவே வேண்டாம்.

தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும். மாநிலம் விட்டுப் போனால் 50,000. நம் பம்புகளுக்கு அது உண்டு. இ-வே பில் லாரி எண்ணையும் பயணத்தையும் அரசுக்குச் சொல்வது. அதோடு இன்வாய்ஸோ சலானோ சேர்ந்தே இருக்க வேண்டும்.

அடுத்தது எல்.ஆர்., அதாவது லாரி ரசீது. இதைப் போடுபவர் விற்றவர் அல்ல, லாரி ஆபீஸ்காரர். யார் அனுப்பினார், யாருக்குப் போகிறது, எத்தனை பெட்டி, என்ன எடை, வாடகை ‘டு பே’யா ‘பெய்டா’ என்பதெல்லாம் அதில் இருக்கும். சரக்கு யார் பொறுப்பில் இருந்தது என்பதற்கு அது சாட்சி. விற்பனைக்கும் வரிக்கும் அது சாட்சி ஆகாது. இன்வாய்ஸ் இல்லாமல் எல்.ஆர். மட்டும் கையில் இருக்கும் லாரியை வழியில் அதிகாரிகள் நிறுத்தினால், வரியைப் போல இரு மடங்கு அபராதம் கேட்கலாம். நம் லோடுக்கு அது 64,800 ரூபாய்.

வரி விஷயத்தில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட நம் வியாபாரிகள் எல்.ஆரில் காட்டுவதில்லை. பெரிய நஷ்டம் வருவது இங்கேதான். 2007ஆம் ஆண்டின் சாலைவழி சரக்குச் சட்டப்படியும் அதன் விதிகளின்படியும், சரக்கு தொலைந்தாலோ சேதமானாலோ லாரி ஆபீஸின் பொறுப்பு பொதுவாக வாடகையைப் போலப் பத்து மடங்கோடு முடிந்துவிடும். பம்புகளுக்கு வாடகை 3,000 ரூபாய் என்றால், லாரி கவிழ்ந்தாலும் கிடைக்கக்கூடியது 30,000தான். சரக்கின் மதிப்போ இரண்டு லட்சத்துக்கு மேல். இதைத் தவிர்க்க, புக் செய்யும்போதே கூடுதல் மதிப்பை எழுத்தில் அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணத்தைக் கட்ட வேண்டும். இல்லையென்றால் தனியாகச் சரக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். புக் செய்வது கம்பெனி என்பதால், ஆர்டர் போடும்போதே இதைப் பேசி முடித்துக்கொள்வது நல்லது.

சரக்கு வந்து இறங்கும்போது இரண்டு பெட்டி நசுங்கியிருந்தால், எல்.ஆர். நகலில் ‘இரண்டு பெட்டி சேதம்’ என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். வெறும் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டால், சரக்கு நல்லபடியாக வந்தது என்பதற்கு அதுவே ஆதாரமாகிவிடும். நஷ்டத்துக்கு வழக்குப் போடுவதாக இருந்தால், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். சரக்கு கைக்கு வந்த நாளிலிருந்து கணக்குப் போடுகிறவர்கள் இந்த இடத்தில் ஏமாந்துபோகிறார்கள்.

மூன்றாவது டெலிவரி சலான். சரக்கு நகர்கிறது, ஆனால் விற்பனை நடக்கவில்லை என்று சொல்லும் காகிதம் இது. விற்ற பம்புகளில் இரண்டு வாரன்டி காலத்திலேயே பழுதாகி, ரிப்பேருக்குக் கோவைக்குத் திரும்பிப் போகின்றன. இது விற்பனை அல்ல, எனவே சலான். அதில் வரிசை எண், தேதி, இரு தரப்பின் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், பொருள், எண்ணிக்கை, மதிப்பு எல்லாம் வேண்டும். ‘வாரன்டி ரிப்பேருக்கு, விற்பனைக்கு அல்ல’ என்று காரணத்தையும் எழுதிவிட்டால் வழியில் கேள்வி குறையும். மூன்று நகல்: அசல் பெறுபவருக்கு, இரண்டாவது லாரிக்கு, மூன்றாவது நம் ஃபைலுக்கு. மதிப்பு என்ற கட்டத்தில் பூஜ்யம் போடக் கூடாது. காசு வாங்காவிட்டாலும் பம்புக்கு மதிப்பு உண்டு. இந்த இரண்டு பம்பும் லாரி ஆபீஸ் வழியாகப் போனால் அதற்குத் தனியாக எல்.ஆர். வரும்.

இன்னொரு இடத்திலும் சலான் உதவும். வேனில் பத்து பம்பை ஏற்றிக்கொண்டு உசிலம்பட்டி, தேனிப் பக்கம் கடை கடையாகப் போகிறார். எந்தக் கடையில் எத்தனை விற்கும் என்று கிளம்பும்போது தெரியாது. அப்போது மொத்தச் சரக்குக்கும் சலான் போட்டு, பில் புக்கைக் கையோடு எடுத்துப்போய், விற்ற இடத்திலேயே இன்வாய்ஸ் கொடுக்கலாம். திருப்பி எடுத்துக்கொள்ளும் பேச்சோடு ஒரு கடையில் வைத்துவிட்டு வந்தால், அந்தக் கடைக்காரர் எடுத்துக்கொள்வதாகச் சொன்ன நாளிலோ அல்லது ஆறு மாதம் முடியும் நாளிலோ, எது முந்துகிறதோ அன்று பில் போட்டாக வேண்டும்.

எண்ணிக்கையும் விலையும் வாங்குபவரும் முன்கூட்டியே தெரிந்திருக்கும்போது, “இப்போ சலான்ல அனுப்புங்க, மாசக் கடைசியில பில் போட்டுக்கலாம்” என்று சொல்வது செல்லாது. அது விற்பனை; இன்வாய்ஸ் இல்லாமல் லாரியில் ஏற்றக் கூடாது. வாங்குபவர் எத்தனை வருடப் பழக்கம் என்றாலும், அன்று வழியில் நிற்கும் அதிகாரி பார்ப்பது காகிதத்தைத்தான்.

உங்கள் லாரி ஆபீஸ் கடைசியாகக் கொடுத்த எல்.ஆரை எடுத்து அதன் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். உங்கள் சரக்குக்கு அவர்கள் எவ்வளவு வரை பொறுப்பு என்பது அங்கே சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கலாம். அடுத்த லோடு ஏறுவதற்கு முன் அதைக் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.