ஒரு கிண்ணம் தோலுக்கு இரண்டு கிண்ணம் சருகு

வீட்டு வாளியில் உரம் போட ஆரம்பித்து நிறுத்திவிட்டவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு காரணம் சொல்வார்கள். நாற்றம் தாங்கவில்லை, ஈ மொய்த்தது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். காய்கறிக் கழிவில் நாம் நினைப்பதைவிட மிக அதிகமாகத் தண்ணீர் இருக்கிறது. அதை உறிஞ்சும் அளவுக்கு நாம் சருகு போடுவதில்லை.

நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு நாள் சமையலில் சுரைக்காய்த் தோல், கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், டீத்தூள் சக்கை என்று 600 கிராம் சேருவதாக வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 500 கிராம் வெறும் தண்ணீர். திடப்பொருள் 100 கிராம்கூடத் தேறாது. கழிவு நாற்றமில்லாமல் மக்க வேண்டுமானால் மொத்தக் கலவையில் ஈரம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டால் அந்த 600 கிராமுக்கு நன்கு காய்ந்த சருகு 300 கிராம் வேண்டும். எடையில் பாதிதான். ஆனால் நொறுக்கிய சருகு லேசானது. கிண்ணத்தால் அளந்தால் கழிவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். பலரும் ஒரு கைப்பிடி தூவிவிட்டு மூடிவிடுகிறார்கள். அங்கேதான் கோளாறு தொடங்குகிறது.

கழிவை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும். ஈரம் மிஞ்சினால் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். காற்றில்லாமல் வாழும் வேறு கூட்டம் அப்போது தலையெடுக்கும். புளித்த வாடையும் அழுகிய முட்டை நாற்றமும் அவை வெளியிடும் அமிலங்களிலிருந்தும் கந்தக வாயுக்களிலிருந்தும் வருபவை. சருகு ஈரத்தை உறிஞ்சுகிறது. கூடவே கழிவுத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி அமுங்கிவிடாமல் காற்றுக்கு வழி வைக்கிறது. இந்த இரண்டாவது வேலைக்காகத்தான் இலையைத் தூளாக்காமல் நகத்தளவுத் துண்டுகளாக நொறுக்கச் சொல்கிறோம்.

எல்லா இலையும் ஒன்றல்ல. வேம்பு, புங்கம் இரண்டும் கையால் கசக்கினாலே நொறுங்கும், சீக்கிரம் மக்கும். மாவிலை தடித்தது, முழுதாகப் போட்டால் தட்டுத் தட்டாகப் படிந்து காற்றை அடைத்துவிடும், மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். வெயிலில் காயவைத்துச் சாக்கில் கட்டி, காலால் மிதித்தால் நொறுங்கிவிடும். மாசி, பங்குனியில் இலை கொட்டும்போதே சேர்த்து வைப்பது நல்லது. தினம் 300 கிராம் என்றால் மாதம் 9 கிலோ. ஏறத்தாழ ஒரு பெரிய அரிசிச் சாக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ந்த இலை கிடைக்காது. அந்த மாதங்களுக்காவது மூன்று நான்கு சாக்கு, மழை படாத இடத்தில் இருக்க வேண்டும். இல்லாதபோது தேங்காய் நார்த்தூள், கிழித்த செய்தித்தாள், மரம் அறுக்கும் பட்டறைத் தூள் எதுவும் ஆகும். பிளைவுட் அறுத்த தூள் வேண்டாம், அதில் பசை இருக்கும். சருகுத் தேவையைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. கழிவைச் சல்லடைத் தட்டில் ஓர் இரவு வடியவிடலாம். பழைய உரத்தைச் சலித்தபின் மிஞ்சும் கப்பியை உலர்த்தி மேல்மூடாகத் திரும்பப் போடலாம்.

வாளி எதுவானாலும் அடியிலும் பக்கங்களிலும் துளை இருக்க வேண்டும். நான்கு பேர் வீட்டுக்கு 50 லிட்டர் டிரம் மூன்று சரியாக இருக்கும். ஒன்று நிரம்ப ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அது மக்கும்வரை மற்றவை நிரம்பும். அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சுள்ளியோ தேங்காய் நாரோ பரப்பி, அதன்மேல் சருகு, ஒரு கை பழைய உரம் அல்லது தோட்டத்து மண். நுண்ணுயிர்களைச் சேர்க்க அதுவே போதும், கடையில் விற்கும் தூள் கட்டாயமில்லை. பிறகு தினம் நறுக்கிய கழிவு, அதோடு கலந்த சருகு, எல்லாவற்றுக்கும் மேலே கழிவு கண்ணுக்கே தெரியாதபடி மூன்று விரல் உயரம் சருகு. மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள்.

அந்த மேல்மூடிதான் ஈக்கும் மருந்து. வீட்டு ஈ வாடையைத் தேடி வந்து ஈரமான கழிவில் முட்டையிடுகிறது; உலர்ந்த சருகுக்கடியில் கழிவு இருந்தால் அதற்கு இடம் கிடைக்காது. பழத்தைச் சுற்றும் சின்ன ஈ வேறு வகை. அதன் முட்டைகள் வாழைத்தோலோடும் மாம்பழத்தோலோடும் நம் வீட்டிலிருந்தே வாளிக்குள் போய்விடும். நம் ஊர் வெப்பத்தில் பத்து நாளுக்குள் ஈயாகிப் பறக்கும். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் அதைத் தடுக்க முடியாது. பழத்தோலைக் கொதிநீரில் ஒரு முறை முக்கி வடித்தோ, ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்தோ போட்டால் முட்டை செத்துவிடும். வாளி வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டுங்கள். கொசுவலைக் கண்ணில் இந்தச் சின்ன ஈ நுழைந்துவிடும்.

சில சமயம் தட்டையான, பழுப்பு நிற, ஓர் அங்குலத்துக்கும் குறைவான புழுக்கள் தெரியும். அவை கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். வளர்ந்த ஈ நம் சாப்பாட்டைத் தேடி வருவதில்லை, புழு கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். அவற்றை விட்டுவிடலாம். ஆனால் புழு சுவரேறி வெளியே வந்தால் உள்ளே ஈரம் மிஞ்சியிருக்கலாம். எறும்பு சாரி கட்டினால் நேரெதிர்; தண்ணீர் தெளிக்க வேண்டும். சந்தேகமானால் ஒரு பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு நின்றால் சரி. ஒழுகினால் சருகு போதாது.

வாளி ஏற்கெனவே கெட்டுவிட்டதா? கருத்த கூழ், புளித்த நாற்றம் இரண்டும் இருந்தாலும் கொட்டிவிட வேண்டியதில்லை. நிழலில் பழைய சாக்கை விரித்து மொத்தத்தையும் பரப்புங்கள். அதே அளவு காய்ந்த சருகைக் கலந்து, அடைத்த துளைகளைக் குச்சியால் குத்திவிட்டு, சுள்ளிப் படுகையை மாற்றித் திரும்ப நிரப்புங்கள். ஐந்து நாள் புதிதாக எதுவும் போடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் கிளறினால் நாற்றம் அடங்கிவிடும்.

மூக்கைக் குத்தும் அம்மோனியா நெடி வந்தால் அது வேறு நோய். கீரை, பருப்பு போன்ற தழைச்சத்து மிகுந்தவை கூடிவிட்டன. அதற்கும் சருகுதான் மருந்து. நாற்றத்துக்கு அடுப்புச் சாம்பல் தூவுவது பல வீடுகளில் வழக்கம். இந்த நெடிக்கு அது ஆகாது. சாம்பலின் காரத்தன்மை அம்மோனியாவை இன்னும் வெளியேற்றும், செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தும் காற்றோடு போய்விடும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. மீன், இறைச்சி, எண்ணெய், மிஞ்சிய குழம்பு இவற்றைச் சின்ன வாளி தாங்காது. பெரிய குவியல் தன் நடுவில் 55, 60 டிகிரி வரை சூடாகும். 50 லிட்டரில் அந்தச் சூடு தங்காது. அதனால் தக்காளி, மிளகாய், பூசணி விதைகள் சாகாமல் தொட்டியில் முளைத்து வரும், பிடுங்கிவிடலாம். நிரம்பிய டிரம்மை இரண்டு மாதம் கிளறிக்கொண்டே விட்டு, ஒரு பிடியைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறந்தால் மழைக்குப் பிந்திய மண்வாசனை வந்தால் செடிக்குப் போடலாம். புளித்த வாடை வந்தால் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள். அரைகுறையாக மக்கியதைப் போட்டால் வேர் வாடும்.