அல்வாக் கடை ஜெயித்தது, விமானம் தோற்றது ஏன்?

கீழக்கடையம் ஸ்டேஷனில் திருநெல்வேலி ரயில் ஏறும் யாரிடமும் வீட்டில் சொல்லியனுப்புவது ஒன்றுதான்: "வரும்போது இருட்டுக்கடை அல்வா வாங்கிட்டு வா!" நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கிற அந்தக் கடை மாலையில்தான் திறக்கும். சில மணி நேரத்தில் சரக்கு தீர்ந்துவிடும். மிக்சர், முறுக்கு, காபி என்று விரிக்காமல் அல்வாவையே நம்பி நிற்கிறார்கள். வரிசையில் நிற்க நாமும் தயார்.

ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1980-ல் எழுதிய புத்தகத்தில் இதற்குக் கணக்கு சொன்னார். எல்லோரையும்விடக் குறைந்த செலவில் செய்து மலிவாக விற்கலாம். அல்லது மற்றவரிடம் இல்லாத ஒன்றைக் கொடுத்துக் கூடுதல் விலை வாங்கலாம். இல்லையென்றால் இருட்டுக்கடை மாதிரி சின்ன வட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அதில் மட்டும் கெட்டிக்காரராக இருக்கலாம். எதிலும் உறுதியாக நிற்காதவர் நடுவில் மாட்டிக்கொள்வார் என்றார் அவர்.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. 2003-ல் கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கானில் டிக்கெட் மலிவு, சாப்பாடு வேண்டுமென்றால் காசு. 2005-ல் வந்த விஜய் மல்லையாவின் கிங்ஃபிஷர் நேர் எதிர்: ருசியான சாப்பாடு, சீட்டுக்குச் சீட்டு டிவி. 2007-ல் மல்லையா டெக்கானில் பங்கு வாங்கினார். அடுத்த வருடமே அதற்கு 'கிங்ஃபிஷர் ரெட்' என்று பெயர் மாற்றினார்.

சிக்கல் அங்கேதான். மலிவு விமானம் லாபம் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு செலவையும் கிள்ளிக் கிள்ளிக் குறைக்க வேண்டும். 2006-ல் வந்த இண்டிகோ அதைச் செய்தது. தொடக்க வருடங்களில் ஏர்பஸ் ஏ320 என்ற ஒரே ரகத்தை வைத்துக்கொண்டதால், பைலட் பயிற்சி, உதிரி பாகம், பழுது பார்ப்பது எல்லாம் ஒரே மாதிரி. இறங்கிய விமானம் சீக்கிரமே திரும்பக் கிளம்பும். கிங்ஃபிஷரிடமோ ஏர்பஸ்ஸும் இருந்தது, ஏடிஆரும் இருந்தது, செலவு குறையவில்லை. இன்னொரு பக்கம், அதே பெயரில் மலிவு டிக்கெட் கிடைக்கும்போது முழுக் கட்டணம் கொடுத்து வந்தவர் யோசிக்க மாட்டாரா? விலையை ஏற்றினால் பயணி இண்டிகோவுக்குப் போவார், இறக்கினால் நஷ்டம். நடுவில் மாட்டியதற்கு இதுதான் அடையாளம்.

தோல்விக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2008-ல் எகிறிய எரிபொருள் விலை, மலைபோல் கடன், அவசர அவசரமாக வெளிநாட்டுக்குப் பறந்தது எல்லாம் சேர்ந்துகொண்டன. ஆனால் அடி தாங்க லாபம் என்ற மெத்தை அவர்களிடம் இல்லை.

2011 செப்டம்பரில் 'ரெட்' சேவையை நிறுத்தப்போவதாக மல்லையா அறிவித்தார். காலம் கடந்துவிட்டது. பல மாதச் சம்பளம் வராத ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் விமானங்கள் மொத்தமாகத் தரையில் நின்றன.