மார்ச் 5-ஆம் தேதிப் பதிவு

ஆலோசனை நிறுவனம் நடத்துகிறவர்கள் லிங்க்ட்இன்னில் எழுத அட்டவணை போடும்போது பெரும்பாலும் காலிக் கட்டங்களிலிருந்து தொடங்குகிறார்கள். திங்களன்று ஊக்கமூட்டும் வரி, புதனன்று அலுவலகப் படம், வெள்ளியன்று வாழ்த்து. கட்டங்கள் நிரம்பிவிடும், வாடிக்கையாளர் எட்டிப் பார்க்கமாட்டார். அவருடைய வருடத்தை முதலில் எழுதிக்கொண்டு, அதன்மேல் பதிவுகளை வைப்பதே சரியான வழி.

திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு ஜிஎஸ்டி ஆலோசனை தருபவரை எடுத்துக்கொள்வோம். ஐஜிஎஸ்டி கட்டாமல் சரக்கு அனுப்ப எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் வேண்டும். அது ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும். ஏப்ரல் பிறப்பதற்குள் புதிதாகப் போட வேண்டும். தவறினால் வரியைக் கட்டிவிட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். நூலுக்கும் கூலிக்கும் வேண்டிய பணம் அங்கே முடங்கும்.

இதை மார்ச் 31 அன்று நினைவூட்டிப் பயன் குறைவு. மார்ச் 5-ஆம் தேதி, எல்யூடி முடிவதையும் விட்டால் என்னவாகும் என்பதையும் எழுதலாம். 12-ஆம் தேதி, RFD-11 படிவத்தில் இரண்டு சாட்சிகளின் பெயர், தொழில், முகவரி கேட்பார்கள், இப்போதே தயாராக வையுங்கள் என்று சொல்லலாம். படிவத்தின் பாதியில் நின்று சாட்சி தேடுபவருக்கு இந்தச் சின்ன விஷயம் பெரிய உதவி. ஏப்ரல் முதல் வாரத்துக்கு, மறந்துவிட்டவர்கள் என்ன செய்யலாம் என்ற பதிவு.

இப்படி வாரத்துக்கு இரண்டு பதிவு போதும். மாதத்தில் இரண்டு இடங்களைக் காலியாகவே விடுங்கள். ஜிஎஸ்டி கவுன்சில் எதையாவது மாற்றினால் அங்கே எழுதலாம். மாதக் கணக்குத் தாக்கலுக்கான 11, 20 தேதிகளை ஒட்டி எழுதும் வேலையை வைக்காதீர்கள். அந்த நாட்களில் அலுவலகத்தில் யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது, அட்டவணை அங்கேதான் முதலில் அறுந்துபோகும்.

விஷயம் தொலைபேசியிலிருந்து வர வேண்டும். வாடிக்கையாளர் கேட்ட கேள்வியை அவர் சொன்ன வார்த்தையிலேயே குறித்துவைத்து, வாரம் ஒருமுறை நிறுவனர் அதற்கான பதிலைக் குரல் பதிவாகப் பேசட்டும். உதவியாளர் அதை எழுத்தாக்கலாம். சட்ட விவரத்தை நிறுவனரே சரிபார்க்க வேண்டும். அட்டவணையில் தேதி, கேள்வி, யாருக்கானது, சரிபார்த்தாயிற்றா என்பவற்றோடு அனுமதி என்றும் ஒரு பத்தி வேண்டும். வாடிக்கையாளரின் பெயரை மறைத்தாலும், சரக்கையும் நாட்டையும் சேர்த்துச் சொன்னால் திருப்பூரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் சம்மதிக்காமல் அந்தக் கதையை எழுதக் கூடாது.

கடைசிப் பத்தி, பதிவுக்குப் பின் யார் பேசினார்கள் என்பது. விருப்பக்குறி இட்டவர்கள் எல்லாம் சக ஆலோசகர்களாகவே இருந்தால், பதிவு தொழில்காரர்களின் மொழியில் போய்விட்டது என்று அர்த்தம். ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்காளர் ஒருவர் தனிச்செய்தியில் சந்தேகம் கேட்டால், அந்தக் கேள்வியை அடுத்த மாதக் கட்டத்தில் எழுதிவிடலாம்.