எதிர்வண்டிக்காகக் காத்திருக்கும் நேரம்

நேயர்களே, நம் பொந்தியான் வட்டாரத்தில் இரயில் இல்லை. இரயில் ஏற வேண்டுமென்றால் பஸ் பிடித்துக் கூலாய்க்கோ குளுவாங்குக்கோ ஜொகூர் பாருவுக்கோ போக வேண்டும். இருந்தாலும், அந்தப் பாதையில் முன்பு பயணம் செய்தவர்களுக்கு ஓர் அனுபவம் மறந்திருக்காது. வண்டி ஏதாவது ஒரு சிறு நிலையத்தில் நின்றுவிடும். இறங்குவாரும் இல்லை, ஏறுவாரும் இல்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம் ஓடிவிடும். பிறகு எதிர்த்திசையிலிருந்து ஒரு வண்டி கடகடவென்று கடந்து போகும். அதன் பிறகே நம் வண்டி அசையும். அந்த நேரம் கால அட்டவணையில் எங்கே ஒளிந்திருந்தது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான பாதை 1909ஆம் ஆண்டு முடிக்கப்பட்டது. நூறாண்டுக்கு மேலாக அது ஒற்றைத் தண்டவாளமாகவே இருந்தது. ஒரு பக்கம் கால்வாய் ஓடும் குறுகிய தோட்டச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரும் புதிருமாக இரண்டு லோரிகள் வந்தால், அகலமான இடத்தில் ஒன்று ஒதுங்கி நின்றால்தான் மற்றது போக முடியும். இரயிலுக்கு அந்த அகலமான இடம் நிலையத்திலுள்ள பக்கத் தண்டவாளம். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் ஒதுங்க இடமே கிடையாது. ஆகவே ஒரு வண்டி நடுவில் இருக்கும்வரை எதிர்வண்டியை அங்கே விடமாட்டார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று நான்கு நிலையங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் அடுத்ததற்கு 20 நிமிடம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆக, ஓட்ட நேரம் மொத்தம் 60 நிமிடம். காலை 8:00 மணிக்குக் குளுவாங்கிலிருந்து நம் வண்டி புறப்படுகிறது. அதே 8:00 மணிக்குக் கூலாயிலிருந்து எதிர்வண்டியும் புறப்படுகிறது. இரண்டும் எங்கே சந்திக்கும் என்று என் வகுப்பில் கேட்டால், பிள்ளைகள் தயங்காமல் 8:30க்கு நட்டநடுவில் என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் நட்டநடுவில் இருப்பது ஒற்றைத் தண்டவாளம் அல்லவா?

8:20க்கு நம் வண்டி ரெங்கத்தில் நிற்கிறது. அதே 8:20க்கு எதிர்வண்டி லாயாங் லாயாங்கில் இருக்கிறது. அது ரெங்கத்துக்கு வந்து சேர 8:40 ஆகிவிடும். நமக்கு 20 நிமிடம் போயிற்று. அதோடு முடிவதில்லை. பக்கத் தண்டவாளத்துக்குத் திரும்பும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். எதிர்வண்டி கடந்தபின் தண்டவாள முனையை மாற்ற வேண்டும், கைகாட்டி இறங்க வேண்டும், நின்ற வண்டி மறுபடியும் வேகம் பிடிக்க வேண்டும். இதற்கு 4 நிமிடம் என்று வைத்தால், நாம் கூலாய் சேர்வது 9:24. எதிர்வண்டியோ 9:00க்கே குளுவாங் போய்விடும். அட்டவணையில் ‘குளுவாங் 8:00, கூலாய் 9:24’ என்று மட்டுமே அச்சாகியிருக்கும். காத்திருப்பு என்ற சொல்லே அதில் இராது.

எதிர்வண்டியை 7:40க்கே அனுப்பினால் என்ன? அது சரியாக 8:20க்கு ரெங்கம் வந்துவிடும், 20 நிமிடம் மிச்சம். ஆனால் இரண்டு வண்டிகளையும் ஒரே சமயத்தில் நிலையத்துக்குள் விடுவது எல்லா இடத்திலும் பத்திரமல்ல. ஒன்று முழுவதும் உள்ளே வந்து நின்ற பிறகே மற்றதற்குக் கைகாட்டி இறங்கும். எனவே அந்தச் சில நிமிடங்களை எவராலும் அழிக்க முடியாது. மேலும், 7:40க்குப் புறப்படும் அந்த வண்டிக்கு வழியில் வேறு சந்திப்புகளும் உண்டு. ஓரிடத்தில் அவிழ்த்த முடிச்சு இன்னோரிடத்தில் விழும்.

எதிர்வண்டி 10 நிமிடம் தாமதமானால், நேரத்தோடு வந்த நம் வண்டியும் 10 நிமிடம் தாமதமாகும். பிறகு நமக்காக அடுத்த நிலையத்தில் காத்திருக்கும் மூன்றாம் வண்டியும் தாமதமாகும். தொற்றுநோய் மாதிரிதான்! தாமதம் மிகுந்தால், சந்திப்பு இடத்தையே கட்டுப்பாட்டு அதிகாரி மாற்றிவிடுவார். நம்மை லாயாங் லாயாங் வரை போகவிட்டு, எதிர்வண்டியை அங்கே நிறுத்துவார். எதை நிறுத்துவது என்பதில் வழக்கமாக விரைவு வண்டிக்கே சலுகை. சரக்கு வண்டி காத்திருக்கும். ஆனால் சரக்கு வண்டி பக்கத் தண்டவாளத்தைவிட நீளமாக இருந்தால் அதை ஒதுக்க வழியில்லை. அப்போது பயணிகள்தாம் காத்திருக்க நேரும்.

வண்டிகளைக் கூட்டினால் இந்தத் தொல்லையும் கூடும். எதிர்ப்பக்கத்தில் இரண்டு மணிக்கு ஒரு வண்டி புறப்படுகிறது என்று வையுங்கள். நாமும் அதை நோக்கியே ஓடுவதால், ஏறக்குறைய மணிக்கு ஒரு வண்டியைச் சந்திப்போம். நான்கு மணி நேரப் பயணத்தில் நான்கு சந்திப்பு.

கெமாஸ் முதல் ஜொகூர் பாரு வரை இரட்டைப் பாதை போடும் வேலை 2018இல் தொடங்கியது. 2025ஆம் ஆண்டின் இறுதியில் மின்சார வண்டி ஜொகூர் பாருவை எட்டியது. போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்று ஆனதால் அங்கே எதிர்வண்டிக்காக நிற்கும் வேலை போயிற்று. கெமாஸிலிருந்து தும்பாட் செல்லும் கிழக்குக் கரைப் பாதை இன்னமும் ஒற்றைப் பாதைதான். அந்தப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் அட்டவணையை எடுத்து, இரண்டு நிலையங்களுக்கிடையே போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே தூரத்துக்கு ஒரு திசையில் மட்டும் பதினைந்து, இருபது நிமிடம் கூடுதலாக இருந்தால், பெரும்பாலும் அந்த வண்டி அங்கே எதற்கோ ஒதுங்கி வழிவிடுகிறது.